அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: கைத்தையலின் முதல் பாடம்

பெரியவர்களுக்கான தையல் வகுப்பில் ஊசியே பிடிக்காதவர் என்று யாரும் வருவதில்லை. பட்டன் வைத்திருப்பார்கள், பிள்ளையின் கால்சட்டைக் கிழிசலை இழுத்துத் தைத்திருப்பார்கள். ராமநாதபுரம் கடலோரத்தில் மண்டபம், தேவிபட்டினம், கீழக்கரை பக்கத்து வகுப்பென்றால் வலை பின்னிப் பழகிய கை இருக்கும், பனை ஓலையில் கொட்டான் முடைந்த கை இருக்கும், பாம்பன் தீவில் பாசி எடுக்கப் போகிற கையும் இருக்கும். இவர்களுக்கு "ஊசியை இப்படிப் பிடிங்க" என்று தொடங்கினால் அரைமணி நேரம் வீண். தெரிந்த கை என்ன செய்கிறது என்பதை அந்தக் கைக்காரருக்கே காட்டுவதுதான் முதல் பாடம். அதைக் காட்டும் கருவி மாதிரி அட்டை: தையல் போட்ட துணித்துண்டை ஓரத்தில் பின் போட்டுப் பிடித்த கெட்டி அட்டை.

இந்தப் பாடத்தில் மூன்றே தையல்கள்: ஓட்டுத்தையல், பின்தையல், ஹெம்மிங். காஜா, கொக்கி, விளிம்புத் தையல் எல்லாம் பிறகு. இரண்டு மணி நேர வகுப்பில் இந்த மூன்றுக்கே நேரம் இழுத்துக்கொள்ளும். அதிலும் பின்தையல்தான் பாதி நேரத்தைத் தின்னும், தின்னட்டும்.

துணி, ஊசி, நூல்

துணிக்கு வெளுக்காத காடா போதும். நெசவு இழை கண்ணுக்குத் தெரியவேண்டும், ஊசி தடங்கலில்லாமல் போகவேண்டும், விலையும் குறைவாக இருக்கவேண்டும். மூன்றும் காடாவில் பொருந்தும். ஆறு பேருக்கு 36 அங்குல அகலத்தில் ஒன்றேகால் மீட்டர் வாங்கினால் போதும். வாங்கியதும் வெட்டக்கூடாது. ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் கஞ்சியை விடவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்டவேண்டும். ஊறவைப்பதற்குக் குடிக்கிற தண்ணீரை எடுங்கள். நம் பக்கத்துப் போர்வெல் உப்புத்தண்ணீரில் ஊறிய காடா காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும். விறைத்த துணியில் ஊசி கரகரவென்று போகும். தையல் சரியில்லாதது துணியாலா கையாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

சுருங்கிய துணியிலிருந்து 15 செ.மீ.க்கு 20 செ.மீ. துண்டுகள் வெட்டவேண்டும். ஓரத்தில் ஒரு இழையை ஊசிமுனையால் தூக்கி மெதுவாக உருவினால் துணியில் நேர்கோடாக ஒரு தடம் விழும். அந்தத் தடத்திலேயே கத்தரித்தால் துண்டு கோணாது. ஒருவருக்கு நான்கு துண்டு: ஓட்டுத்தையலுக்கு ஒன்று, பின்தையலுக்கு இரண்டு, ஹெம்மிங்குக்கு ஒன்று. ஆறு பேருக்கு 24. மீதியாகும் மூன்று நான்கு துண்டுகள் டீச்சர் செய்துகாட்ட.

ஊசி வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். தையல் மிஷின் ஊசியில் நம்பர் கூடினால் ஊசி தடிக்கும். 11 மெல்லியது, 16 தடித்தது. கை ஊசியில் இது தலைகீழ். நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். மிஷின் பழகியவர் "தடி ஊசி குடுங்க, பத்தாம் நம்பர்" என்று கேட்டு வாங்கிப்போய், நூல் கோக்க முடியாமல் தவிப்பது இதனால்தான். காடாவுக்கு 7 அல்லது 8, புடவை ஃபால்ஸுக்கு 9. இந்த இரண்டு அளவு கையில் இருந்தால் போதும்.

கடலோரத்தில் ஊசிக்கு எதிரி உப்புக்காற்றும் வியர்வையும். புது ஊசியின் மேற்பூச்சு தேயும்வரை ஒன்றும் தெரியாது. தேய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத துருப்புள்ளிகள் வரும். ஊசி துணிக்குள் போகும்போது நடுவில் ஒரு இடத்தில் பிடித்துப் பிடித்துப் போனால் அது துரு. மழுங்கல் என்றால் முனையிலேயே தடுக்கும். இந்த வித்தியாசம் தெரிந்தால் ஊசியை எப்போது தூக்கிப்போடுவது என்று தெரியும். ஸ்பாஞ்சில் குத்திவைப்பதும் சோப்புக்கட்டியில் குத்திவைப்பதும் இந்த ஊரில் வேண்டாம். இரண்டும் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மூடி இறுகும் சின்ன டப்பாவில் கொஞ்சம் முகப்பவுடர் தூவி அதில் போட்டுவைத்தால் போதும். துரு ஊசியால் வெள்ளைத்துணியில் பழுப்புப் புள்ளி விழுந்துவிட்டால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்து அலசலாம். பட்டுப்புடவையில் மட்டும் இந்த வைத்தியம் செய்யாதீர்கள், சாயம் போய்விடும்.

நூல் கறுநீலமோ சிவப்போ எடுங்கள். துணி நிறத்திலேயே நூல் எடுத்தால் பிழை ஒளிந்துகொள்ளும். அட்டையில் பிழை தெரிவதுதானே நோக்கம்? ஒற்றை நூல், நீளம் விரல்நுனியிலிருந்து முழங்கை வரை, அதாவது ஏறக்குறைய 45 செ.மீ. "அடிக்கடி கோக்க வேண்டியிருக்கே" என்று இதைவிட இரண்டு மடங்கு நீளத்தில் எடுப்பவர் எல்லா வகுப்பிலும் இருப்பார். நீள நூல் ஒவ்வொரு தடவை துணி வழியாகப் போகும்போதும் உராய்ந்து மெலியும், முறுக்கேறும், பிறகு சுருண்டு முடிச்சாகும். முறுக்கேறியது தெரிந்தால் துணியைத் தலைகீழாகப் பிடித்து ஊசியைத் தொங்கவிடுங்கள். ஊசி தானாகச் சுழன்று முறுக்கு அவிழ்ந்துவிடும்.

நாற்பது தாண்டியவர்களுக்கு நூல் கோப்பதே பெரிய வேலை. நூலை எச்சில் தொட்டு முறுக்குவதைவிடச் சாய்வாக வெட்டுவது மேல். ஊசிக் காதுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்தால் காது தெளிவாகத் தெரியும். படிக்கிற கண்ணாடி இருந்தால் வெட்கப்படாமல் போட்டுக்கொள்ளச் சொல்லவேண்டும். தையல் கோணுவதற்குக் கையைக் குற்றம் சொல்லும் பலருக்கு உண்மையில் கண்தான் காரணம்.

பாசி எடுத்தும் பாறை உரசியும் சொரசொரத்த விரல் என்றால் நூல் தோலில் சிக்கி இழை இழையாகப் பிரியும். அதற்காக வகுப்பில் எண்ணெய் தடவக்கூடாது, துணியில் கறை விழும். கையைக் கழுவித் துடைத்துக் கொஞ்சம் பவுடர் தொட்டுக்கொண்டால் அன்றைய பொழுது ஓடும். நடுவிரலில் விரல்கூடு போட்டுப் பழகுவதும் நல்லது. முதல் நாள் இடைஞ்சலாக இருக்கும், அதனால் முதல் அட்டையில் கட்டாயப்படுத்த வேண்டாம்.

செய்துகாட்டுவது

சின்ன ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு பேருக்குக் காட்டினால் முதல் வரிசை மட்டும்தான் பார்க்கும். அதனால் பெரிய அட்டை ஒன்று வேண்டும். பழைய அட்டைப்பெட்டியை ஒரு அடி நீளத்துக்கு வெட்டி, ஒரே கோட்டில் இரண்டு செ.மீ.க்கு ஒரு துளை போட்டு, துளைகளுக்கு 1, 2, 3 என்று இருபக்கமும் எண் எழுதிக்கொள்ளுங்கள். நூலுக்குப் பதில் வலைக்கு வாங்கும் நைலான் கயிறு, ஊசிக்குப் பதில் கோணி ஊசி. பச்சையோ நீலமோ, அட்டை நிறத்திலிருந்து பளிச்சென்று தெரியும் கயிறாக இருக்கட்டும்.

இதில் பின்தையலைக் காட்டுவது இப்படி. அட்டைக்குப் பின்னாலிருந்து 2ஆம் துளையில் ஊசி மேலே வருகிறது. பின்னுக்குப் போய் 1இல் இறங்குகிறது. அடியில் இரண்டு துளை தாண்டி 3இல் மேலே வருகிறது. மறுபடி பின்னுக்குப் போய் 2இல் இறங்குகிறது. 4இல் மேலே, 3இல் கீழே. ஐந்தாறு தடவை போனபின் ஒன்றும் சொல்லாமல் அட்டையைத் திருப்பிக் காட்டுங்கள். முன்பக்கம் மிஷின் தையல் மாதிரி ஒரே கோடு. பின்பக்கம் ஒவ்வொரு கயிறும் இரண்டு துளை நீளத்துக்குப் போய், பக்கத்துக் கயிற்றோடு பாதிப் பாதி மேலேறிக் கிடக்கும், கூரைக்கு ஓலை வேய்ந்த மாதிரி. இந்தப் பின்பக்கத்தை மனதில் வாங்கியவருக்குப் பின்தையல் பாதி வந்துவிட்டது.

எதிரில் உட்கார்ந்து செய்துகாட்டினால் வலக்கைக்காரருக்கு எல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும். வலக்கைக்காரர்களைத் தோளுக்குப் பின்னால் நிற்கவைத்து, டீச்சர் பார்க்கிற பக்கத்திலிருந்தே பார்க்கவைக்கவேண்டும். இடக்கைக்காரர் இருந்தால் அவரை மட்டும் எதிரில் உட்காரவையுங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் அப்படியே செய்தால் அவருக்குச் சரியாக வரும். வலக்கைக்காரர் வலமிருந்து இடமாகத் தைப்பார், அவர் இடமிருந்து வலமாக. அதைத் திருத்தப்போகாதீர்கள், அது தப்பில்லை.

டீச்சர் தைத்த மாதிரி அட்டை ஒன்றைத் தயாராக வைத்திருப்பதும் நல்லது. கெட்டி அட்டையில் துணித்துண்டை ஓரத்தில் மட்டும் பின் போட்டுப் பிடிப்பார்கள். தையலைப் பாதியில் நிறுத்தி, ஊசியைத் துணியில் குத்தியபடியே விட்டிருக்கவேண்டும். முடிந்துபோன தையலைப் பார்த்தால் ஊசி எங்கே போய் எங்கே வந்தது என்று தெரியாது. நடுவில் நின்ற ஊசி அதைச் சொல்லிவிடும். துணியை அட்டையில் பசை போட்டு ஒட்டிவிடுவது பலர் செய்யும் தவறு. பார்க்க அழகாக இருக்கும், திருப்பிப் பார்க்க முடியாது.

ஓட்டுத்தையலும் முதல் நிறுத்தமும்

முதல் துண்டில் பென்சிலால் 10 செ.மீ. கோடு ஒன்று. அதன்மேல் ஓட்டுத்தையல்: 3 மி.மீ. மேலே, 3 மி.மீ. கீழே. நூல்முனையில் முடிச்சு போட்டு, துணியின் கெட்ட பக்கத்திலிருந்து தொடங்கவேண்டும். காடா போன்ற தளர்ந்த நெசவில் ஒற்றை முடிச்சு இழுத்தால் உள்ளே வழுக்கி வந்துவிடும். அதனால் முடிச்சை நம்பாமல் முதல் இடத்திலேயே ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சின்னத் தையல் போட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது. முடிக்கும்போதும் அதேதான்.

ஊசியில் மூன்று நான்கு தையலை ஒருசேர ஏற்றிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுக்கலாம். ஒவ்வொன்றாகக் குத்தி இழுப்பதைவிடக் கோடு நேராக வரும். இழுத்தபின் இடக்கைக் கட்டைவிரல் நகத்தால் தைத்த இடத்தை ஒருமுறை தடவி நீவிவிடவேண்டும்.

வலை பின்னிய கை இங்கேதான் காட்டிக்கொடுக்கும். வலையில் ஒவ்வொரு முடிச்சும் வெடுக்கென்று இறுகவேண்டும், இல்லாவிட்டால் கண் நழுவும். பல வருஷப் பழக்கம் அது. அதே இழுப்பு துணிக்கு வந்தால் கோடு சுருங்கிவிடும். கண்ணால் பார்த்து "கொஞ்சம் சுருங்கியிருக்கு" என்று சொன்னால் யாருக்கும் நம்பிக்கை வராது. அதனால் நிறுத்தி அளக்கவேண்டும். இதுதான் முதல் நிறுத்தம்: தைத்து முடித்த பென்சில் கோட்டின்மேல் ஸ்கேல் வையுங்கள். துணியை இழுத்துப் பிடிக்காமல், மேசையில் சும்மா கிடக்கவிட்டு அளக்கவேண்டும். 10 செ.மீ. வரைந்தது 10 செ.மீ.யாகவே இருக்கிறதா? ஒன்றிரண்டு மி.மீ. குறைந்தால் பரவாயில்லை. 9½ ஆகிவிட்டால் நூல் இறுக்கம். தைத்தவரே அளந்து, அட்டை ஓரத்தில் அந்த எண்ணைப் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து 5 செ.மீ.க்குள் மேலே தெரியும் தையல்களை எண்ணவேண்டும். மூன்றும் மூன்றும் ஆறு மி.மீ.க்கு ஒரு தையல் என்றால் எட்டு வரவேண்டும். ஏழிலிருந்து ஒன்பது வரை சரி. ஐந்துதான் வருகிறதென்றால் அது தையலுக்கு முன் துணிகளைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்க ஓட்டுகிற நீளத்தையல். அதற்கும் வேலை இருக்கிறது, ஆனால் அது இது இல்லை. வலைக்கண் ஒரே அளவாக வர அளவுக்கட்டை வைத்துப் பின்னியவர்களுக்கு ஒரு யோசனை சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள்: பழைய அழைப்பிதழ் ஓரத்தை வெட்டி, 3 மி.மீ.க்கு ஒரு கோடு போட்டு, கட்டைவிரலுக்கு அடியில் வைத்துக்கொள்வது.

பின்தையல்

இரண்டு துண்டுகளை நல்ல பக்கம் நல்ல பக்கமாகச் சேர்த்து, ஓரத்திலிருந்து ஒன்றரை செ.மீ. உள்ளே தள்ளி 10 செ.மீ. கோடு. ஏன் எப்போதும் 10? நூல் கணக்குக்காக. பின்தையலில் மேலே ஒரு தையல் நீளம், அடியில் இரண்டு தையல் நீளம், ஆக மூன்று மடங்கு நூல் போகும். 10 செ.மீ. கோட்டுக்கு 30. அதோடு ஒவ்வொரு தையலிலும் நூல் இரண்டு துணியின் தடிமனைத் தாண்டி மேலும் கீழும் போய்வருகிறது. 3 மி.மீ. தையல் என்றால் 33 தையல், அதற்கு இன்னொரு மூன்று நான்கு செ.மீ. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஊசியில் பிடிக்கவும் ஏழெட்டு செ.மீ. கூட்டினால் 42க்குப் பக்கத்தில் வரும். 45 செ.மீ. நூல் இதற்குக் கச்சிதம். கோட்டை 15 செ.மீ. என்று போட்டால் எல்லாருக்கும் நூல் நடுவழியில் தீரும். நூல் தீர்ந்தது தங்கள் பிழை என்று நினைத்துக்கொண்டு, அடுத்த தடவை இரண்டு மடங்கு நீளத்தில் நூல் எடுப்பார்கள்.

கோட்டில் முதல் 3 செ.மீ.க்கு மட்டும் 3 மி.மீ. இடைவெளியில் பென்சில் புள்ளிகள் வையுங்கள். அதற்குமேல் வெறும் கோடு. புள்ளி இருக்கும்வரை கண் தைக்கும், புள்ளி நின்றபிறகுதான் கை தைக்கும். இந்த மாற்றத்தைப் பார்ப்பதற்காகத்தான் இப்படி.

இதில் வரும் பிழைகள் இரண்டு வகை. பின்னுக்குப் போகும் ஊசி முந்தின தையல் முடிந்த துளைக்கே போகாமல் கொஞ்சம் முன்னாலேயே இறங்கினால் மேலே சின்னச் சின்ன இடைவெளி விழும். துளைக்கே போகிறேன் என்று முந்தின நூலையே குத்திப் பிளந்துவிட்டால் அந்த இடம் தடித்துத் தெரியும். பிரிக்க வேண்டியிருந்தால் நூல் வராது. ஊசிமுனையை முந்தின நூலுக்கு ஒரு மயிரிழை கீழே சாய்த்து இறக்கினால் இரண்டாவது பிழை நிற்கும். முதல் பிழைதான் தலைவலி.

ஒரு அட்டையை எடுத்துப் பார்ப்போம். இந்த வகை அட்டை எந்த வகுப்பிலும் கிடைக்கும். முன்பக்கம் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே கோடு. தைத்தவர், "நேராத்தானே போகுது டீச்சர்?" என்கிறார். நேராகத்தான் போகிறது. எண்ணிப் பார்த்தால் 10 செ.மீ.க்கு 25 தையல், இருக்கவேண்டியது 33. முதல் 3 செ.மீ.யில் 10, நடு 4 செ.மீ.யில் 9, கடைசி 3 செ.மீ.யில் 6. அதாவது 3 மி.மீ.க்கு ஒன்று என்று தொடங்கிய தையல் போகப் போக 5 மி.மீ.க்கு ஒன்று ஆகிவிட்டது. இப்போது திருப்புங்கள். தொடக்கத்தில் நூல்கள் ஓலை வேய்ந்த மாதிரி பாதிக்குப் பாதி ஏறிக் கிடக்கின்றன. கடைசிப் பக்கம் நூல்கள் நீண்டு, ஒன்றின்மேல் ஒன்று பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஏறிக் கிடக்கின்றன. ஆக, தையல் நீண்டது மட்டுமில்லை, பின்னுக்குப் போகும் ஊசி முந்தின துளைவரை போகவும் இல்லை. மேலே உற்றுப் பார்த்தால் கடைசிப் பகுதியில் ஒவ்வொரு தையலுக்கும் நடுவில் ஒரு மி.மீ. இடைவெளி தெரியும்.

இனி இழுத்துப் பார்க்கும் சோதனை. இது இரண்டாவது நிறுத்தம். சேர்த்துத் தைத்த இரு துண்டுகளையும் விரித்து, தையலுக்கு இரண்டு பக்கமும் ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்து, அகலவாக்கில் மெதுவாக இழுக்கவேண்டும். முதல் 3 செ.மீ.யில் துணியும் துணியும் ஒட்டியே இருக்கும், நூல் கண்ணில் படாது. கடைசி 3 செ.மீ.யில் தையல் பல்லைக் காட்டும். இரண்டு துணிக்கும் நடுவில் ஏணிப்படி மாதிரி நூல் தெரியும். ரவிக்கையின் பக்கத் தையல் இப்படி இருந்தால் கையைத் தூக்கும்போது அந்த இடம்தான் முதலில் விடும்.

காரணம் என்ன? டீச்சர்களே இங்கே வழக்கமாக ஊசி பிடித்த கையைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது துணி பிடித்த கையை. தையலின் நீளத்தை முடிவு செய்வது இடக்கை. கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் அடியில். அந்த அடிவிரல்தான் ஊசிமுனை வருவதை முதலில் உணர்ந்து "போதும், மேலே வா" என்று சொல்கிறது. இவர் ஒவ்வொரு தடவை நூலை இழுக்கும்போதும் துணியை விட்டுவிடுகிறார். மறுபடி பிடிக்கும்போது கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிறார். பத்துத் தையலில் விரல் ஊசியிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை விலகிவிடுகிறது. துணி தொய்கிறது, ஊசி எங்கே வெளிவரும் என்பது குத்துமதிப்பாகிவிடுகிறது. புள்ளிகள் இருந்தவரை கண் காப்பாற்றியது, புள்ளி நின்றதும் நீண்டுவிட்டது.

இதைச் சொல்லி நம்பவைக்க வேண்டாம். அவரையே இன்னும் மூன்று தையல் போடச் சொல்லி, இடக்கையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கே தெரிந்துவிடும். பிறகு பழைய கோட்டுக்கு ஒரு செ.மீ. கீழே இரண்டாவது கோடு: இந்தத் தடவை நூலை இழுக்கும்போதும் இடக்கை துணியை விடக்கூடாது, கட்டைவிரல் ஊசிக்கு ஒரு அங்குலத்துக்குமேல் தள்ளிப் போகக்கூடாது. இந்த இரண்டு விஷயம் தவிர வேறொன்றும் சொல்லாதீர்கள். இரண்டாவது கோட்டில் 30, 31 தையல் வந்தால் போதும்.

முதல் கோட்டைப் பிரிக்கச் சொல்லும் டீச்சர்கள் உண்டு. மாதிரி அட்டையில் எதையும் பிரிக்கக்கூடாது என்பது என் கட்சி. சரியில்லாத கோடும் சரியான கோடும் பக்கத்தில் பக்கத்தில், தேதியோடு இருக்கட்டும். பிரித்துவிட்டால் என்ன மாறியது என்பதற்குச் சாட்சி இருக்காது. உடுப்பில் வேறு கதை, அங்கே பிரித்தே ஆகவேண்டும்.

ஹெம்மிங்

நான்காவது துண்டில் நீளப்பக்க ஓரத்தை அரை செ.மீ. மடித்து நகத்தால் அழுத்தி, அதன்மேல் இன்னொரு 2 செ.மீ. மடித்து, நீளத்தையல் ஓட்டிப் பிடித்துக்கொள்ளவேண்டும். இஸ்திரிப் பெட்டி இருந்தால் ஒரு தேய்ப்பு. மடிப்பு ஒழுங்காக இல்லாமல் தொடங்கினால் எந்தக் கையாலும் ஹெம்மிங் ஒழுங்காக வராது.

முடிச்சு மடிப்புக்குள் ஒளியட்டும். மடிப்பு விளிம்புக்குச் சற்று வெளியே, அடித்துணியில் ஒரே ஒரு இழையை, மிஞ்சினால் இரண்டு இழையை, ஊசிமுனையால் தொட்டு எடுத்து, அப்படியே சாய்வாக மடிப்பு விளிம்புக்குள் குத்தி மேலே வரவேண்டும். அடுத்தது 5, 6 மி.மீ. தள்ளி. காடாவில் இழையை எண்ண முடியும் என்பதால் இங்கேயே எண்ணிப் பழகிவிடவேண்டும். முதல் ஐந்து தையலுக்குப் பிறகு டீச்சர் எழுந்துபோய்ப் பார்ப்பது நல்லது. பத்து செ.மீ. முடித்தபின் பார்த்தால் பிழை கைக்குள் உட்கார்ந்துவிடும்.

மூன்றாவது நிறுத்தம் ஜன்னலில். துணியின் நல்ல பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே கைநீளத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசி தொட்ட இடங்கள் ஒரு மி.மீ.க்குக் குறைந்த புள்ளிகளாகத்தான் தெரியவேண்டும். புள்ளி சின்னதாக இருந்தும் அங்கங்கே கன்னக்குழி மாதிரி பள்ளம் விழுந்திருந்தால் நூல் இறுக்கம். புள்ளி கோடாக நீண்டிருந்தால் ஊசி ஆழமாக, நான்கைந்து இழைக்கு இறங்கியிருக்கிறது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி அசிங்கம்தான், ஆனால் வைத்தியம் வேறு வேறு. பள்ளத்துக்கு நூலைத் தளர்த்தவேண்டும், கோட்டுக்கு ஊசியைச் சாய்க்கவேண்டும். கெட்ட பக்கத்தில் ஒரு தையலுக்கும் அடுத்ததற்கும் ஒரு செ.மீ.க்குமேல் இடைவெளி இருந்தால் கால்விரல் மாட்டும், மாட்டினால் மொத்த ஓரமும் அவிழும்.

இதைப் பழகியவர் அடுத்துத் தொடுவது பெரும்பாலும் புடவை ஃபால்ஸ். காடா அட்டையில் நன்றாகச் செய்தவர் புடவையில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு, அதற்குத் தையல் காரணமில்லை. ஃபால்ஸ் துணி பெரும்பாலும் பருத்தி, நனைந்தால் சுருங்கும். புடவை பாலியஸ்டர் என்றால் சுருங்காது. கடையிலிருந்து வாங்கிய ஃபால்ஸை நனைக்காமல் வைத்துத் தைத்தால் அன்றைக்கு அழகாக இருக்கும். முதல் துவையலில் புடவையின் அடி ஓரம் கொசுவிக்கொள்ளும். "தையல் இழுத்திருச்சு" என்று தைத்தவரைச் சொல்வார்கள். ஃபால்ஸை நனைத்து உலர்த்தி இஸ்திரி போட்டு, அடி ஓரத்தைச் சின்ன ஓட்டுத்தையலாக, நாலைந்து தையலுக்கு ஒருமுறை ஒரு பின்தையல் போட்டுக்கொண்டே தைத்து, மேல் ஓரத்தை ஹெம்மிங்காகப் பிடிக்கவேண்டும். ஊசி 9ஆம் நம்பர். நூல் ஃபால்ஸின் நிறத்தில் வேண்டாம், புடவையின் நிறத்தில் எடுக்கவேண்டும். நல்ல பக்கத்தில் தெரிவது அதுதான்.

முடிக்கும்போது

அட்டைகளைப் பெயரும் தேதியும் எழுதி, ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். தையலில் குத்திவைத்த ஊசியை எடுத்துவிட்டுப் போடவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வாரம் அந்த இடத்தில் துருக்கறை இருக்கும்.

பாயில் உட்கார்ந்து தைக்கிற வகுப்பு, வெறுங்கால், வாசலில் ஓடித் திரிகிற பிள்ளைகள். ஆறு பேருக்கு இரண்டிரண்டாக 12 ஊசி கொடுத்திருந்தால், பாயைச் சுருட்டுவதற்கு முன் 12ஐயும் எண்ணி டப்பாவில் போடவேண்டும். ஒன்று குறைந்தால் யாரும் எழக்கூடாது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றை நூலில் கட்டிப் பாயின்மேல் மெதுவாக இழுத்தால் ஊசி வந்து ஒட்டிக்கொள்ளும். பாய்க்குக் கீழேயும் ஒருமுறை இழுங்கள், கோரைப்பாயின் இடுக்கில் குத்திக்கொண்டு அந்தப் பக்கம் நிற்கும்.